வாக்கியப் பஞ்சாங்கத்தில் கிரகணம் நிமிடத்துக்குச் சரி, அஷ்டமி மட்டும் ஏன் மணிக்கணக்கில் மாறுகிறது?

கண்டனூரான்

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாக்கியப் பஞ்சாங்கம்தான். போன 2025 செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்தன்று மொட்டைமாடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பரிசம் இரவு 9.57 என்று போட்டிருந்தது. பத்து மணிக்குள் நிலாவின் கீழ் ஓரம் கருக்க ஆரம்பித்துவிட்டது. கிரகணம் விடும் நேரமான மோட்சம் 1.26 என்று இருந்தது. அதுவும் அப்படியே நடந்தது.

அடுத்த வாரம் தேய்பிறை அஷ்டமிக்கு வைரவன்பட்டி போகலாம் என்று அதே புத்தகத்தைப் புரட்டினால், திதி முடியும் நேரத்துக்கும் என் மகன் போனில் காட்டிய நேரத்துக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம். இரண்டிலும் இருப்பது ஒரே நிலாதானே? நிழலில் நுழையும் நிமிடத்தைச் சொல்லத் தெரிந்த கணக்கு, எட்டு நாள் கழித்து அதே நிலாவை எப்படித் தவறவிடும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கொத்தமங்கலம் சேது

கிரகணத்துக்கு நிலாவின் இடத்தைக் கணிக்கவே தேவையில்லை தம்பி. 18 வருடம் 11 நாளுக்கு ஒரு தடவை அதே கிரகணம் திரும்ப வரும். பழைய பஞ்சாங்கக் கட்டு கையில் இருந்தால் அதைப் பார்த்தே எழுதிவிடலாம். திதிக்கு அப்படி ஒரு சுழற்சி கிடையாது. அதனால்தான் ஒன்று சரி, ஒன்று பிசகு.

மேலச்சிவபுரி வாத்தியார்

சேது சொல்லும் சுழற்சி உண்மையானதுதான். ஆனால் பஞ்சாங்கக்காரர் அதை வைத்துக் கணிப்பதில்லை. அது 18 வருடம் 11 நாளோடு இன்னொரு எட்டு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் முடியும். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். செப்டம்பர் கிரகணத்துக்கு முந்தையது 2007 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. நமக்கு அதன் நடுநேரம் மாலை நாலு மணியைத் தாண்டி. நம் பக்கத்தில் நிலா எழும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. பழைய கட்டைப் பார்த்து எழுதுகிறவருக்கு இந்தக் கிரகணம் தெரியுமா தெரியாதா என்பதே பிடிபடாது.

நம் முறையில் நிலா நிற்கும் இடத்தைத்தான் கணிக்கிறார்கள். அதே செப்டம்பர் 7ஐ எடுத்துக்கொண்டு காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் கலி நாள். கலியுகம் பிறந்ததிலிருந்து அன்று சூரிய உதயம் வரை 18,72,460 நாள். சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஏழால் வகுத்தால் மீதி 2. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை, அதிலிருந்து இரண்டு தள்ளினால் ஞாயிறு. செப்டம்பர் 7 ஞாயிறுதான்.

இதில் 16,00,984ஐக் கழிக்க வேண்டும். மீதி 2,71,476. அதை 12,372ஆல் வகுத்தால் ஈவு 21, மீதி 11,664. அதை 3,031ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2,571. அதை 248ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 91. வகுக்கும் வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு ஈவுக்கும் நிலா எத்தனை பாகை நகர்ந்திருக்கும் என்று ஒரு மாறாத எண் இருக்கிறது. 248 நாளுக்கு 27 பாகை 44 கலை என்பது போல. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. அவற்றை எல்லாம் பெருக்கிக் கூட்டி, முதலில் கழித்த 16,00,984ஆவது நாளில் நிலா நின்ற இடத்தையும் சேர்த்து, கடைசியில் 91ஆவது வாக்கியத்தின் மதிப்பைச் சேர்த்தால் அன்று காலை நிலா நின்ற இடம் கிடைக்கும்.

248 ஏன் என்று கேட்பீர்கள். நிலா பூமியை விட்டு மிகத் தள்ளி இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அப்படி ஓர் இடத்துக்கு வர ஏறக்குறைய 27 நாள் 13 மணி நேரம் ஆகிறது. அது ஒன்பது தடவை நடந்தால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள். ஆகவே நிலாவின் வேகம் கூடிக் குறையும் கதை 248 நாளில் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியம் மனப்பாடமாக இருந்தால் போதும், சைனும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். 3,031ல் அந்தச் சுற்று 110 தடவை அடங்கும், 12,372ல் 449 தடவை. ஒவ்வொன்றும் முந்தையதில் மிச்சப்பட்ட துளியைச் சரிக்கட்டுகிறது.

பள்ளத்தூர் வள்ளி

வாத்தியார் ஐயா, வாக்கியம் என்றால் நிஜமாகவே வாக்கியமா? நான் இத்தனை நாளும் அது ஒரு ரிஷியின் வாக்கு என்ற பொருளில் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மேலச்சிவபுரி வாத்தியார்

நிஜமான சொற்றொடர்தான் ஆச்சி. வரருசி பெயரால் வழங்குகிறது. எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் கட்டியது. முதல் வாக்கியம் "கீர்ந ஸ்ரேய". கிரந்த எழுத்தில் அந்தக் கீ 3, ந 0, ஸ்ரே என்ற கூட்டெழுத்தில் கடைசி மெய்யான ர 2, ய 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. இரண்டாவது "தேநவ ஸ்ரீ", அது 24 பாகை 9 கலை. இரண்டுக்கும் இடையே 12 பாகை 6 கலை. நிலா தூரத்தில் இருந்து மெதுவாக நகரும் நாள் அது. நிலா கிட்ட வரவர இந்த இடைவெளி 14 பாகையைத் தாண்டும்.

கண்டனூரான், உங்கள் கிரகணத்துக்கு வருகிறேன். அன்று காலை நிலா கும்பத்தில் பத்து பாகையை ஒட்டி வருகிறது, சூரியன் சிம்மத்தில் இருபது. பௌர்ணமி முடிய நிலா இன்னும் சுமார் பத்து பாகை ஓடிச் சூரியனுக்கு நேர் எதிரே வர வேண்டும். வாக்கிய வேகத்தில் அதற்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. தேசாந்தரம் போன்ற சில்லறைத் திருத்தங்கள் போடாமல் பார்த்தால் எனக்கு முடிவு நேரம் நள்ளிரவைத் தாண்டி வருகிறது. வானத்தில் நடந்தது 11.39க்கு.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் கிரகண மத்தியமம் என்ன போட்டிருக்கிறது, அன்றைய பௌர்ணமி எத்தனை மணி வரை போட்டிருக்கிறது? இரண்டையும் பாருங்கள்.

கண்டனூரான்

பார்த்துவிட்டேன். மத்தியமம் 11.41. பௌர்ணமி முடிவு பன்னிரண்டு தாண்டித்தான் இருக்கிறது. இதை நான் கவனிக்கவே இல்லை.

மேலச்சிவபுரி வாத்தியார்

அப்படியானால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. பௌர்ணமி முடிவு என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே வரும் கணம். கிரகணத்தின் நடுவும் ஏறக்குறைய அதே கணம்தான், இரண்டுக்கும் சில நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வர வழியே இல்லை. ஒரே கணக்கிலிருந்து இரண்டும் வந்திருந்தால் ஒட்டித்தான் இருக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் ஒட்டவில்லை. திதி வாக்கியத்தில் போட்டது, கிரகணம் வானத்தில் காண்பதோடு ஒத்துவரும்படி திருத்திக் கணிக்கும் திருக்கணிதத்தில் போட்டது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். கிரகணம் ஊரே அண்ணாந்து பார்க்கிற காரியம், அரைமணி தவறினாலும் தெரிந்துவிடும். அஷ்டமி எப்போது முடிந்தது என்று வானத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பகுதி எந்தக் கணக்கு என்று பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கலாம்.

நேமத்தான்

வாத்தியார் சொல்வதைக் கேட்டால் வாக்கியத்தால் கிரகணமே கணிக்க முடியாது என்பது போல இருக்கிறது. வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான். லெ ஜாந்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் இருந்தபோது, ஒரு தமிழர் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்தில் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 நொடிதான் குறைவு. அப்போது ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட மாயர் பட்டியலில் 68 நொடி அதிகமாக வந்தது. திருக்கணிதம் பிறப்பதற்கு நூறு வருடம் முந்திய கதை இது.

மேலச்சிவபுரி வாத்தியார்

அந்தச் செய்தி சரியானது நேமத்தாரே, நானும் பெருமையாகச் சொல்வதுதான். ஆனால் அந்த 41 நொடி, கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் வந்த பிசகு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது வேறு கேள்வி. நீடிப்பு நேரம் வேறொரு கணக்கில் வருகிறது, அது கொஞ்சம் தாராளமான கணக்கு.

செப்டம்பர் 7ஐயே பார்ப்போம். நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம் ராகு. நிலா அதிலிருந்து மூன்று பாகை தள்ளி இருந்தது. நம் முறையில் நிலா சூரியன் பாதையை விட்டு அதிகபட்சம் 270 கலை விலகும். மூன்று பாகை தூரத்துக்கு அது 14 கலை ஆகிறது. நிழலின் பாதி 44 கலை, நிலாவின் பாதி 16 கலை, கூட்டினால் 60. அறுபதின் வர்க்கத்தில் பதினாலின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 58 கலை. நிலா சூரியனை விட மணிக்கு 33 கலை வேகமாக ஓடுகிறது. ஆக 58 கலை ஓட ஒரு மணி 46 நிமிடம். ஸ்பரிசத்திலிருந்து மோட்சம் வரை அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மணி 32 நிமிடம். நடந்தது மூன்று மணி 29 நிமிடம்.

கவனியுங்கள், இந்த விலகலின் உண்மை மதிப்பு 14 இல்லை, 16 கலை. இரண்டு கலை பிசகியும் விடையில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நிலா நிழலின் நடுவை ஒட்டிப் போகும் கிரகணம் பிசகைப் பொறுத்துக்கொள்ளும். நிலா ஓரத்தை உரசிப் போகும் சின்னக் கிரகணத்தில் கதையே வேறு. விலகல் 50 என்றால் 33 கலை, மொத்தம் இரண்டு மணி நேரம். அதே விலகல் 54 என்றால் 26 கலைதான், 25 நிமிடம் அப்படியே காணாமல் போய்விடும். பழைய முறையைச் சோதிக்க வேண்டுமானால் முழுக் கிரகணத்தை எடுக்கக்கூடாது, உரசல் கிரகணத்தை எடுக்க வேண்டும்.

கடிகார நேரத்துக்கும் பதிவு இருக்கிறது. வாரன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1825ல் அச்சிட்ட காலசங்கலிதத்தில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாக்கியங்களை மட்டும் வைத்து ஒரு சந்திர கிரகணம் கணித்ததை வரி வரியாக எழுதியிருக்கிறார். 1825 மே 31 இரவுக் கிரகணம். தொடக்கத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. தாளும் பென்சிலும் இல்லாமல் ஒரு மனிதர் இவ்வளவு நெருங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 9.57க்கு 9.57 என்று வருவது அந்த வழியில் இல்லை.

கல்லல் ராசு

இடையில் ஒரு சந்தேகம். 2019 டிசம்பர் 26 அன்று நாங்கள் புதுக்கோட்டையில் சூரியனை வளையமாகவே பார்த்தோம். சென்னையில் என் மைத்துனன் வெறும் பிறைதான் தெரிந்தது என்றான். அப்படியானால் அவன் வாங்கியது வாக்கியம், நான் வாங்கியது திருக்கணிதமா?

மேலச்சிவபுரி வாத்தியார்

இல்லை ராசு, அது பஞ்சாங்க வித்தியாசம் இல்லை. நிலா பூமியின் நிழலுக்குள் போவதை நிலா தெரிகிற எல்லா ஊரும் ஒரே கணத்தில் பார்க்கும். சூரிய கிரகணத்தில் நிலா நமக்கும் சூரியனுக்கும் இடையில் வருகிறது. பார்க்கிறவர் நகர்ந்தால் நிலா நகர்ந்த மாதிரி தெரியும். அதற்கு லம்பனம், நதி என்று இரண்டு திருத்தம் ஊருக்கு ஊர் போட வேண்டும். வாக்கிய முறையிலும் அது உண்டு, ஆனால் அதில்தான் கை அதிகம் வழுக்கும். சந்திர கிரகணம் கணிப்பதைவிடப் பல மடங்கு வேலை. இங்கே அதற்குள் போகவேண்டாம்.

கண்டனூரான்

சரி, கிரகண நேரம் வேறு இடத்திலிருந்து வந்தது என்பது புரிந்தது. ஆனால் என் கேள்வியில் பாதி இன்னும் நிற்கிறது. வாக்கியத்தின் பௌர்ணமி ஒரு மணி நேரம் போலத்தான் தவறுகிறது. அஷ்டமி மட்டும் ஏன் நாலைந்து மணி நேரம்?

மேலச்சிவபுரி வாத்தியார்

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான்.

நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்ட வந்தால் வேகம், தள்ளிப் போனால் மெதுவு. இதனால் சராசரி இடத்திலிருந்து முன்னும் பின்னும் 6 பாகை 17 கலை வரை விலகும். இது போதாதென்று சூரியனும் இழுக்கிறது. அந்த இழுப்பால் இன்னொரு 1 பாகை 16 கலை கூடும் அல்லது குறையும். கூடுமா குறையுமா என்பது பிறையைப் பொறுத்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டாவது எப்போதும் முதலாவதற்கு எதிராகவே வேலை செய்யும். 6.17ல் 1.16 போனால் 5 பாகை 1 கலை. வாக்கியங்களுக்கு அடியில் இருக்கும் எண்ணும் இந்த ஐந்து பாகைதான்.

அந்த எண் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிலாவின் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முன்னோருக்கு இருந்த நல்ல சந்தர்ப்பம் கிரகணம். நிலா நிழலுக்குள் இருந்தால் அது சூரியனுக்கு நேர் எதிரே என்று அளக்காமலே தெரியும். கிரகணங்களோடு ஒத்துப்போகும்படி எண்ணைப் பிடித்தால் ஐந்து பாகைதான் கிடைக்கும். இந்தப் பகுதி என் ஊகம், ஆனால் எண்கள் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன.

பாதி நிலா நாட்களில் கதை தலைகீழ். அங்கே இரண்டு இழுப்பும் ஒன்றுசேர்ந்து 7 பாகை 33 கலை வரை போகும். வாக்கியத்தில் இருப்பது ஐந்துதான். குறைவது இரண்டரை பாகை. நிலாவும் சூரியனும் விலகும் வேகம் நாளுக்கு 12 பாகை சொச்சம், ஆக இரண்டரை பாகைக்கு ஐந்து மணி நேரம். உங்கள் அஷ்டமி அங்கே போய்விட்டது. எல்லா அஷ்டமியிலும் இவ்வளவு வராது. நிலா கிட்டவோ தள்ளியோ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து சில மாதம் ஒன்றுமே இருக்காது, சில மாதம் ஐந்து மணியை எட்டும்.

பௌர்ணமியில் வரும் அந்த ஒரு மணி நேரம் வேறு காரணத்தால். அது பல நூற்றாண்டாகச் சேர்ந்த துளித்துளிப் பிசகு.

ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டாவது திருத்தம் நம் நாட்டில் தெரியாமல் இல்லை. முஞ்சாலர் 932ஆம் ஆண்டு நூலில் கொடுத்திருக்கிறார். 248 நாளில் அடங்கும் மனப்பாடத்துக்குள் மட்டும் அது அடங்காது. பிறையும் சேர்ந்துகொண்டால் அந்தச் சுற்று உடைந்துவிடும்.

பள்ளத்தூர் வள்ளி

எனக்குப் பிள்ளையார் நோன்பு ஞாபகம் வருகிறது. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற வேளையில் இழை எடுத்துக்கொள்கிறோம். போன மார்கழியில் சிங்கப்பூரில் இருக்கும் மகள் போனில் ஒரு நேரம் பார்த்துச் சொன்னாள், இங்கே எங்கள் வளவில் குறித்துக்கொடுத்தது வேறு நேரம். நான் ஊருக்கு ஊர் மாறும் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். இப்போது படித்தால் சஷ்டியும் இந்தப் பிசகில் வருமோ என்று தோன்றுகிறது.

மேலச்சிவபுரி வாத்தியார்

வரும் ஆச்சி. வளர்பிறைச் சஷ்டி பாதி நிலாவுக்கு ஒன்றரை நாள் முந்தி. அங்கே பிசகு நாலரை மணி வரை போகலாம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அதை முதலில் கழித்துவிடுங்கள். திதி முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான், ஊருக்கு ஊர் மாறுவது கடிகாரம். கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் பஞ்சாங்க வித்தியாசம்.

ஒரு நல்ல விஷயமும் இதில் இருக்கிறது. சஷ்டியும் சதயமும் இரண்டுமே அதே நிலாவைக் கொண்டு சொல்பவை. நிலாவின் இடம் பிசகினால் இரண்டும் சேர்ந்தே, ஏறக்குறைய அதே அளவு தள்ளும். அதனால் கூடுகை கலைந்துபோவது அபூர்வம், நேரம் மட்டும் நகரும். ஆனால் சாயந்திரத்தை ஒட்டி வந்தால் நாள் மாறலாம். அப்போது எதை எடுப்பது என்பது வானியல் கேள்வி இல்லை, ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நேமத்தான்

அதையேதான் நானும் சொல்கிறேன். திருநள்ளாறு இன்றைக்கும் வாக்கியப்படிதான் சனிப்பெயர்ச்சி நடத்துகிறது. திருக்கணிதக்காரர் 2023 ஜனவரி 17 என்றார்கள், கோயிலில் நடந்தது 2023 டிசம்பர் 20. லட்சக்கணக்கான பேர் வந்தார்கள். நீங்கள் பாகை கலை பேசுகிறீர்கள், கோயில் மரபு பேசுகிறது. சனி எந்த ராசியில் இருக்கிறார் என்பதற்கு வானத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறதா? உங்கள் ராசிக்கோடும் ஒரு ஏற்பாடுதானே.

மேலச்சிவபுரி வாத்தியார்

கடைசியில் கேட்டது நியாயமான கேள்வி. ராசி எங்கே தொடங்குகிறது என்பது ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் கோடே வேண்டாத ஒரு சாட்சியைக் காட்டுகிறேன்.

2020 டிசம்பர் 21 மாலை. குருவும் சனியும் மேற்கே ஒட்டி நின்றார்கள். இடைவெளி ஆறு கலை, நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நம் கண்மாய்க் கரையில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள்.

அன்று வாக்கியம் என்ன சொன்னது? குரு நவம்பர் 15லேயே மகரத்துக்கு வந்துவிட்டார். சனி இன்னும் தனுசில். அவர் மகரத்துக்கு வந்தது டிசம்பர் 27. குரு ஒரு மாதத்துக்கு மேல் மகரத்தில் ஓடி ஏழு பாகை போல உள்ளே போயிருப்பார், சனி எல்லையைக் கூடத் தொடவில்லை. இடைவெளி எட்டு பாகையை ஒட்டி வருகிறது, பதினாறு முழுநிலாவை வரிசையாக வைக்கலாம். கோட்டை எங்கே போட்டாலும் இரண்டு கிரகத்துக்கு இடையே உள்ள தூரம் மாறாது. வானத்தில் ஒட்டி நின்றார்கள், கணக்கில் பிரிந்து நின்றார்கள்.

பிசகு பெரும்பாலும் சனியில்தான். அவர் ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை வருடம். அந்தக் கால எண்ணில் அவருடைய வேகம் ஒரு துளி குறைவு, வருடத்துக்கு அரைக்கலை கூட இல்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரத்து ஐந்நூறு வருடத்தில் அது எட்டு பாகை. சனி அவ்வளவு தூரம் போக எட்டு மாதம் போல ஆகும், நடுவில் வக்கிரம் வந்தால் இன்னும் நீளும். ஜனவரி, டிசம்பர் ஆனது அப்படித்தான். நிலாவுக்கு இந்த விதி வராததற்குக் காரணம், அதைக் கிரகணம் என்ற உரைகல்லில் அடிக்கடி உரசிப் பார்க்க முடிந்தது. சனிக்கு அப்படி ஓர் உரைகல் இல்லை.

கொத்தமங்கலம் சேது

அப்படியானால் இதை எப்போது திருத்த ஆரம்பித்தார்கள்? சுதந்திரத்துக்கு அப்புறமா?

மேலச்சிவபுரி வாத்தியார்

அதற்கு ரொம்ப முந்தி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1860களின் கடைசியிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட ஆரம்பித்துவிட்டார். தொலைநோக்கியில் தினம் அளப்பவர், ஒரு மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தவர். கண்ணால் காண்பதோடு கணக்கு ஒத்துவர வேண்டும் என்று மரபுக்குள்ளிருந்தே வாதாடினார். விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1950களில் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் வாக்கியம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

நேமத்தான்

2020 சேர்க்கையை நானும் பார்த்தேன். அதற்குப் பதில் இப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் பெயர்ச்சி என்பது வழிபாட்டு நாள் என்ற என் நிலையில் மாற்றமில்லை. சித்திரை ஒன்றைப் போல ஊர் கூடி ஒப்புக்கொண்ட நாள் அது.

மேலச்சிவபுரி வாத்தியார்

வழிபாட்டு நாள் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. இன்று சனி அந்த இடத்துக்கு நகர்ந்தது என்று சொன்னால்தான் மறுப்பேன்.

பள்ளத்தூர் வள்ளி

இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர் மாதிரி பேசுகிறீர்கள். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள், வீட்டில் இருக்கும் பஞ்சாங்கம் எந்த வகை என்று அட்டையைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் வீட்டில் அட்டை கிழிந்த ஒரு கட்டு இருக்கிறது.

மேலச்சிவபுரி வாத்தியார்

முடியும். சந்திர கிரகணம் வரும் பக்கத்தை எடுங்கள். மத்தியமமும் பௌர்ணமி முடிவும் சில நிமிடத்துக்குள் ஒட்டியிருந்தால் முழுக்கத் திருக்கணிதம். விலகியிருந்தால் கண்டனூரானுடையதைப் போலக் கலவை. இரண்டும் ஒட்டியிருந்து, ஆனால் நடந்த நேரத்தோடு பொருந்தாவிட்டால் கிரகணமும் வாக்கியத்தில் போட்டது. உங்கள் கட்டு பழையது என்றால் அந்த மூன்றாவது வகை அதில் கிடைக்கலாம். கிடைத்தால் வருடத்தையும் நேரத்தையும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

கண்டனூரான்

வரும் 2026 மார்ச் 3 கிரகணத்துக்கு எங்கள் புத்தகத்தைப் பார்த்தேன். நடு 5.03 என்று இருக்கிறது, நமக்கு அப்போது நிலாவே எழுந்திருக்காது. மோட்சம் 6.47. நிலா எழுந்து அரைமணி போலத்தான் பார்க்க முடியும். பௌர்ணமி முடிவு இந்தத் தடவையும் விலகியே இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்தில் கிழக்கே மறைப்பில்லாத மாடி உள்ளவர்கள் மோட்ச நேரத்தைக் குறித்துக்கொள்ள முடியுமா? என் மாடியில் கிழக்கே தென்னந்தோப்பு.

கல்லல் ராசு

என் வீட்டு மாடி வெட்டவெளிதான், நான் குறித்துத் தருகிறேன்.

பள்ளத்தூர் வள்ளி

கட்டைப் பிரித்துவிட்டேன். தாள் பொடிந்துபோகிறது, இரண்டு வருடத்துப் பக்கங்கள்தான் முழுசாக இருக்கின்றன. ஒன்றில் சந்திர கிரகணம் இருக்கிறது, நேரம் நாழிகையில் போட்டிருக்கிறது. மணியாக மாற்றும்போது அன்றைய உதயத்திலிருந்து எண்ண வேண்டுமா, ஆறு மணியிலிருந்தா?

மேலச்சிவபுரி வாத்தியார்

அன்றைய உதயத்திலிருந்து, ஆச்சி. நாழிகைக்கு 24 நிமிடம். வருடப் பெயர் தமிழில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.